வெளிநாட்டு சந்தாதாரருக்கு அனுப்பும் பில்லில் எந்த வரி, எவ்வளவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியாவில் உட்கார்ந்துகொண்டு மென்பொருள் சந்தா விற்கும் சிறு நிறுவனங்களை மனத்தில் வைத்து எழுதியது இது. எடுத்துக்காட்டு முழுவதும் ஒன்றே: கோயம்புத்தூரில் இருந்து, புகைப்படம் திருத்தும் மென்பொருளை மாதம் 20 யூரோ சந்தாவுக்கு விற்கும் ஒரு நிறுவனம். வாங்குபவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பிய ஒன்றியத்து நாடுகளில் இருக்கிறார்கள். சிக்கலும் அங்கேதான் அதிகம் என்பதால் அதையே விரிவாகச் சொல்லியிருக்கிறேன்.

நான் இருப்பது கோவையில், ஜெர்மனியில் எனக்கு அலுவலகம்கூட இல்லை. அந்த நாட்டு வரியை நான் ஏன் வசூலிக்க வேண்டும்?

வரி விற்பவரின் ஊரைப் பார்ப்பதில்லை, நுகர்பவரின் ஊரைப் பார்க்கிறது. 2015 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில், இணையம் வழியாகத் தானாக இயங்கிக் கிடைக்கும் சேவையைத் தனிநபர் ஒருவர் வாங்கினால், அவர் வசிக்கும் நாட்டின் மதிப்புக் கூட்டு வரி, அதாவது வாட், அதன்மேல் விழும். விற்பவர் கோவையில் இருந்தாலும் கலிபோர்னியாவில் இருந்தாலும் இதே விதிதான்.

பலர் இங்கே 10,000 யூரோ என்று ஒரு வரம்பைக் கேள்விப்பட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அந்த வரம்பு ஒன்றியத்துக்குள் ஒரே ஒரு நாட்டில் நிலைகொண்ட விற்பனையாளருக்கு மட்டும் உரியது. வெளியே இருந்து விற்பவருக்கு வரம்பே கிடையாது. முதல் சந்தாதாரரின் முதல் 20 யூரோவிலேயே கடமை தொடங்கிவிடுகிறது.

அப்படியானால் இந்திய ஜிஎஸ்டி 18 சதவீதமும் சேர்ந்து இரண்டு வரியா?

இல்லை. இந்தியச் சட்டத்தில் இது சேவை ஏற்றுமதி. வரி விகிதம் பூஜ்யம். ஆனால் அந்தப் பூஜ்யம் தானாக வந்துவிடாது. வாங்குபவரும் சேவை சேரும் இடமும் இந்தியாவுக்கு வெளியே இருக்க வேண்டும். பணம் அந்நியச் செலாவணியாகவோ, ரிசர்வ் வங்கி அனுமதிக்கும் இடத்தில் ரூபாயாகவோ வந்து சேர வேண்டும். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் வரி கட்டாமல் ஏற்றுமதி செய்ய `RFD-11` படிவத்தில் உறுதிமொழிக் கடிதம் ஒன்றைத் தாக்கல் செய்ய வேண்டும். ஆடிட்டர்கள் எல்.யு.டி. என்று சொல்வது இதைத்தான். அது ஒரு நிதியாண்டுக்கு மட்டுமே செல்லும். மார்ச் கடைசியில் புதுப்பிக்க மறந்துவிட்டு ஏப்ரல் முழுவதும் பில் போட்டுத்தள்ளுவது நம் ஊரில் ஆண்டுதோறும் நடக்கும் கூத்து. எல்.யு.டி.யின் கீழ் வரியில்லாமல் ஏற்றுமதி செய்கிறோம் என்ற குறிப்பும் பில்லில் இருக்க வேண்டும். இந்த வாசகத்தை விதியே கொடுத்திருக்கிறது:

```
SUPPLY MEANT FOR EXPORT UNDER BOND OR LETTER OF
UNDERTAKING WITHOUT PAYMENT OF INTEGRATED TAX
```

பில் தேதியிலிருந்து ஓராண்டுக்குள் பணம் வராவிட்டால் வரியையும் வட்டியையும் கட்ட வேண்டிவரும். சந்தா வியாபாரத்தில் பணம் முன்கூட்டியே கார்டில் வந்துவிடுவதால் இது பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. பெரிய நிறுவனங்களுக்கு ஆண்டுச் சந்தாவைக் கடனில் கொடுப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

20 யூரோவுக்கு மேல் வரியைப் போடுவதா, 20 யூரோவுக்குள் அடக்குவதா?

தனிநபருக்கு விற்கும்போது ஐரோப்பாவில் காட்டும் விலை வரியை உள்ளடக்கிய முழு விலையாக இருக்க வேண்டும். இணையப் பக்கத்தில் 20 என்று காட்டிவிட்டு, கார்டு எண்ணைக் கொடுக்கும் கடைசிக் கட்டத்தில் 23.80 என்று ஆக்குவது நுகர்வோர் சட்டத்துக்கு ஒத்து வராது. ஆகவே 20 யூரோவைப் பிரித்தெடுக்க வேண்டியதுதான். ஜெர்மனியின் பொது விகிதம் 19 சதவீதம். 20-ஐ 1.19 ஆல் வகுத்தால் 16.81. மீதி 3.19 வரி. பில் இப்படி இருக்கும்:

```
Photo editor, monthly plan, 01.03.2025 - 31.03.2025
Net            16.81 EUR
VAT DE 19 %     3.19 EUR
Total          20.00 EUR
```

20-இல் 19 சதவீதம் 3.80 என்று கணக்குப் போட்டு, 16.20 என்று எழுதிவிடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது தவறு. 19 சதவீதம் என்பது வரிக்கு முந்தைய தொகையின் மேல்.

இதே 20 யூரோவை ஹங்கேரிக்காரர் கொடுத்தால் 1.27 ஆல் வகுக்க வேண்டும். ஒன்றியத்திலேயே மிக அதிகமான பொது விகிதம் அங்கேதான், 27 சதவீதம். கைக்கு வருவது 15.75, வரி 4.25. லக்சம்பர்க்கில் 17 சதவீதம் என்பதால் 17.09 நிற்கும். அதாவது எல்லா நாட்டுக்கும் ஒரே விலை வைத்தால் ஒவ்வொரு நாட்டிலும் உங்கள் வருமானம் வேறு. நாட்டுக்கு நாடு விலையை மாற்றி வைக்கலாம். ஆனால் வாடிக்கையாளர்கள் ஒப்பிட்டுக் கேள்வி கேட்பார்கள். சிறு நிறுவனத்துக்கு ஒரே விலையை வைத்து, கணக்குப் போடும்போதே சராசரி வரியைக் கழித்துப் பார்த்துவிடுவது நல்லது என்பது என் கருத்து.

இன்னொன்று: விகிதத்தை மென்பொருளுக்குள் ஒரு நிலையான எண்ணாக எழுதி வைக்காதீர்கள். பின்லாந்து 2024 செப்டம்பர் 1 அன்று 24-லிருந்து 25.5-க்குப் போனது. ஸ்லோவாக்கியா 2025 ஜனவரியில் 20-லிருந்து 23-க்குப் போனது. எஸ்தோனியா அதே ஆண்டு ஜூலையில் 22-லிருந்து 24 ஆனது. ஒவ்வொரு விகிதத்துடனும் அது எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்பதையும் சேர்த்து வைத்தால், பழைய பில்லைத் திரும்ப எடுக்கும்போது புது விகிதம் அதில் ஏறிவிடாது. மின்னூல், மின்னிதழ் சந்தா விற்பவர்களுக்குப் பல நாடுகளில் குறைந்த விகிதம் உண்டு. ஜெர்மனியில் மின்னூலுக்கு 7 சதவீதம்தான்.

வாங்குபவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று நான் எப்படி நிரூபிப்பது? அவர் சொல்வதை நம்பினால் போதாதா?

போதாது. ஒன்றுக்கொன்று முரண்படாத இரண்டு சான்றுகள் வேண்டும். பில் முகவரி ஒன்று. வாங்கிய கருவியின் ஐபி முகவரி ஒன்று. பணம் வந்த வங்கி அல்லது கார்டு வழங்கிய நாடு ஒன்று. தொலைபேசியில் வாங்கினால் சிம் கார்டின் நாட்டுக் குறியீடும் கணக்கில் வரும். இவற்றில் இரண்டு ஒரே நாட்டைச் சுட்டினால் அந்த நாடு.

ஒரு நிலைமையைப் பார்ப்போம். மியூனிக்கில் படிக்கும் மாணவர் ஒருவர் சென்னை வங்கியின் கார்டை வைத்துச் சந்தா எடுக்கிறார். கார்டு இந்தியாவைக் காட்டுகிறது. முகவரி ஜெர்மனி, ஐபியும் ஜெர்மனி. இரண்டு ஒத்துப்போகின்றன, ஆகவே 19 சதவீதம். கார்டு இந்தியாவுடையது என்பதற்காக அவரை இந்திய வாடிக்கையாளராகக் கருத முடியாது. இன்னொருவர் பிரான்ஸ் முகவரி தருகிறார், கார்டு பெல்ஜியம், ஐபியும் பெல்ஜியம். அவருக்கு பெல்ஜியத்தின் 21 சதவீதம்தான், அவர் எழுதிய முகவரி என்னவாக இருந்தாலும்.

மூன்றும் மூன்று நாட்டைக் காட்டினால் பெரும்பாலும் விபிஎன் காரணம். அப்போது பணத்தை எடுத்துக்கொண்டு பிறகு யோசிக்காமல், முகவரியை உறுதிப்படுத்தச் சொல்லிக் கேட்டுவிட்டுப் பில் போடுவது நல்லது. சான்றுகளைப் பத்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். முழுக் கார்டு எண்ணைச் சேமித்து வைக்கத் தேவையே இல்லை. கட்டணம் வாங்கும் நிறுவனம் கார்டு வழங்கிய நாட்டின் இரண்டெழுத்துக் குறியீட்டைத் தருகிறது. அதையும் ஐபியையும் தேதியையும் பில் எண்ணுடன் ஒரே வரிசையில் வைத்துவிடலாம்.

ஒரு பொறி: ஸ்பெயின் முகவரி என்றால் உடனே 21 சதவீதம் போட்டுவிடாதீர்கள். அஞ்சல் குறியீடு 35 அல்லது 38-இல் தொடங்கினால் அது கேனரி தீவுகள். அவை ஸ்பெயினின் பகுதிதான் என்றாலும் ஒன்றியத்தின் வாட் எல்லைக்குள் வருவதில்லை. மொனாக்கோ இதற்கு நேர்மாறு. தனி நாடு, ஆனால் வாட் கணக்கில் பிரான்ஸ்.

வாங்குவது ஒரு நிறுவனம் என்றால்?

அப்போது நீங்கள் வரி வசூலிப்பதில்லை. வாங்கும் நிறுவனமே தன் நாட்டு வரிக் கணக்கில் அதைக் காட்டிக்கொள்ளும். இதுதான் ரிவர்ஸ் சார்ஜ். பில்லில் அவர்களுடைய வாட் எண்ணும், வரி ஏன் இல்லை என்ற குறிப்பும் இருக்க வேண்டும்:

```
Customer VAT ID: DE#########
VAT 0.00 EUR - Reverse charge
```

வாட் எண்ணை வாங்கி அப்படியே நம்பிவிடக் கூடாது. ஐரோப்பிய ஆணையத்தின் `VIES` என்ற தளத்தில் சரிபார்க்க வேண்டும். பார்த்த தேதியையும் பதிலையும் பில்லுடன் சேமித்துவைக்க வேண்டும். ஜெர்மனியும் ஸ்பெயினும் அந்தத் தளத்தில் நிறுவனத்தின் பெயரைக் காட்டுவதில்லை. எண் செல்லுமா, செல்லாதா என்று மட்டும் சொல்லும். கிரேக்க நிறுவனத்தின் எண் `GR` என்று தொடங்காது, `EL` என்று தொடங்கும். நாட்டுக் குறியீட்டுப் பட்டியலில் இருந்து முன்னெழுத்தைத் தானாகச் சேர்க்கும் மென்பொருள்கள் கிரேக்க வாடிக்கையாளர் ஒவ்வொருவரையும் செல்லாதவர் என்று திருப்பி அனுப்பும். சில நேரம் ஒரு நாட்டின் கணினி ஓய்வில் இருக்கும். அப்போது `MS_UNAVAILABLE` என்று பதில் வரும். அதற்கு எண் செல்லாது என்று பொருளில்லை. சற்று நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

விலையைப் பற்றி ஒரு முடிவு இங்கே தேவை. தனிநபருக்கு 20 யூரோ என்றால் ஜெர்மன் நிறுவனத்துக்கு 16.81-ஆ, 20-ஆ? இரண்டும் சட்டப்படி சரியே. வாட் எண்ணைத் தட்டச்சு செய்ததும் திரையில் தொகை குறைவதை நிறுவனங்கள் எதிர்பார்க்கின்றன. குறையாவிட்டால் கடிதம் வரும். முதல் நாளே எது என்று விலைப்பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

தான் ஒரு நிறுவனம் என்கிறார், ஆனால் வாட் எண் தரவில்லை. என்ன செய்வது?

எண் வரும்வரை அவரைத் தனிநபராகவே நடத்த விதி இடம் தருகிறது. 19 சதவீதத்துடன் பில் போடுங்கள். மின்னஞ்சலின் அடியில் நிறுவனப் பெயரும் பதவியும் இருப்பது போதாது. மூன்று மாதம் கழித்து எண்ணைக் கொண்டுவந்தால், முதலில் அந்த எண் பில் தேதியில் நடப்பில் இருந்ததா என்று உறுதிசெய்ய வேண்டும். இருந்திருந்தால் பழைய பில்லை அழித்துத் திருத்தாமல், அதைச் சுட்டும் கிரெடிட் நோட் ஒன்றும், வரியில்லாத புதிய பில் ஒன்றும் போட்டு, வரித் தொகையைத் திருப்பித் தர வேண்டும்.

வசூலித்த வரியை 27 நாடுகளுக்கும் தனித்தனியாகக் கட்டுவதா?

வேண்டியதில்லை. ஒன்றியத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கென்று ஒற்றைச் சாளர முறை ஒன்று உண்டு. ஓ.எஸ்.எஸ். என்பார்கள். 2021 ஜூலைக்கு முன்பு எம்.ஓ.எஸ்.எஸ். என்ற பெயரில் இருந்தது. ஏதேனும் ஓர் உறுப்பு நாட்டில் பதிவு செய்தால் போதும். ஆங்கிலத்தில் படிவங்கள் வேண்டும் என்பதற்காக அயர்லாந்தைத் தேர்வு செய்பவர்கள் உண்டு. கிடைக்கும் எண் `EU` என்று தொடங்கும். அங்கே முகவரைப் பிடித்து உட்காரவைக்க வேண்டிய கட்டாயம் இந்த முறையில் இல்லை.

கணக்கு காலாண்டுக்கு ஒரு முறை. ஜனவரி முதல் மார்ச் வரையுள்ளதை ஏப்ரல் 30-க்குள் காட்டிப் பணமும் கட்ட வேண்டும். விற்பனையே இல்லாத காலாண்டுக்கும் பூஜ்யக் கணக்கு உண்டு. தொடர்ந்து நினைவூட்டல் வாங்கிக்கொண்டு காட்டாமல் இருந்தால் இந்த முறையிலிருந்து வெளியேற்றி, இரண்டு ஆண்டுகள் திரும்பச் சேர்க்க மாட்டார்கள். டாலரில் பில் போட்டிருந்தால், காலாண்டின் கடைசி நாளில் ஐரோப்பிய மத்திய வங்கி அறிவிக்கும் விகிதத்தில்தான் மாற்ற வேண்டும். நம் வங்கி கொடுத்த விகிதம் இங்கே செல்லாது.

ஒரு காலாண்டை முழுதாகப் பார்ப்போம். ஜெர்மனிக்கு 90 பில், ஹங்கேரிக்கு 25 பில், எல்லாம் தனிநபர்கள், எல்லாம் 20 யூரோ. ஜெர்மனியில் ஒரு பில்லுக்கு 3.19 வீதம் வரி 287.10 யூரோ. ஹங்கேரியில் 4.25 வீதம் 106.25. மொத்தம் 393.35 யூரோவை அனுப்ப வேண்டும். இதே ஜெர்மன் விற்பனையை மொத்தமாக 1,800 யூரோ என்று எடுத்து 1.19 ஆல் பிரித்தால் வரி 287.39 வரும். 29 சென்ட் வித்தியாசம், பைசாவைச் சுருக்கும்போது வருவது. கணக்குத் தாள் பில்களோடு ஒத்துப்போக வேண்டும் என்றால் பில்லில் உள்ள தொகைகளைக் கூட்டுவதே சரி. வாடிக்கையாளரிடம் வரி என்று காட்டி வாங்கியது அதுதானே. சென்ட் வரை எழுத வேண்டும், முழு யூரோவாக்கக் கூடாது.

இந்தப் பணம் உங்கள் வருமானம் அல்ல. வந்தவுடன் தனிக் கணக்கில் ஒதுக்கிவிடுங்கள். நீங்கள் ஐரோப்பாவில் வேறு எதற்காவது கட்டிய வாட் தொகையையும், இந்தியாவில் கட்டிய ஜிஎஸ்டியையும் இதில் கழிக்க வழியில்லை.

ஓராண்டாக வரியே போடாமல் விற்றுவிட்டேன். இப்போது ஓ.எஸ்.எஸ். பதிவு செய்தால் பழையதும் அடங்கிவிடுமா?

அடங்காது. பதிவு பொதுவாக அடுத்த காலாண்டின் முதல் நாளிலிருந்துதான் நடப்புக்கு வரும். முதல் விற்பனை நடந்த மாதத்துக்கு அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் தெரிவித்திருந்தால் மட்டுமே முதல் விற்பனை நாளிலிருந்து செல்லும். அந்தத் தேதி தாண்டிவிட்டால், பழைய காலத்துக்கு ஒவ்வொரு நாட்டு வரித்துறையையும் நேரில் அணுக வேண்டும்.

தொகை எவ்வளவு என்பதையும் பார்த்துவிடுங்கள். 40 ஜெர்மன் சந்தாதாரர்கள், 12 மாதம், 20 யூரோ என்றால் 9,600. வாங்கிய பணத்துக்குள் வரி அடங்கியிருக்கிறது என்றே கொள்ள வேண்டும். இப்போது போய் வாடிக்கையாளரிடம் கூடுதலாகக் கேட்க முடியாது. 9,600-க்குள் இருக்கும் ஜெர்மன் வரி 1,532.77 யூரோ. அது உங்கள் கையிலிருந்து போகும். வட்டி தனி. ஐரோப்பிய வரி ஆலோசகர் ஒருவருக்குக் கட்டணம் கொடுத்துத் தானாக முன்வந்து தெரிவிப்பதே இங்கே மலிவான வழி.

பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் வரி என்ன ஆகும்? சந்தாதாரர் நடுவில் நாடு மாறினால்?

திருப்பிக் கொடுக்கும் தொகைக்கு மூல பில்லின் நாடும் விகிதமும்தான். இன்றைய விகிதம் அல்ல. பழைய காலாண்டைச் சேர்ந்ததாக இருந்தால், நடப்புக் கணக்கிலேயே எந்த நாடு, எந்தக் காலாண்டு என்று குறித்துத் திருத்தலாம். மூன்று ஆண்டு வரை இதற்கு இடமுண்டு.

நாடு மாறியவருக்கு அடுத்த புதுப்பிப்பிலிருந்து புதிய நாட்டின் விகிதம். ஆகவே சான்றுகளைச் சேரும் நாளில் மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாமல், ஒவ்வொரு முறை கார்டில் பணம் எடுக்கும்போதும் பார்க்க வேண்டும். புதிய கார்டு சேர்க்கப்பட்ட நாள்தான் பெரும்பாலும் முதல் அறிகுறி.

பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியாவிலும் இதேதானா?

பிரிட்டன் 2021 தொடக்கத்திலிருந்து இந்த ஒற்றைச் சாளரத்துக்குள் இல்லை. தனிநபருக்கு 20 சதவீதம். வெளிநாட்டு விற்பனையாளருக்கு வரம்பு இல்லாததால் அங்கே தனிப் பதிவு வேண்டும். நாளிதழ்களில் வரும் 90,000 பவுண்டு வரம்பு அங்கேயே நிலைகொண்டவர்களுக்கு. பிரிட்டிஷ் நிறுவனத்தின் எண்ணை `VIES` தளத்தில் தேடினால் கிடைக்காது. அந்நாட்டு வரித்துறையின் தளத்தில் பார்க்க வேண்டும்.

ஆஸ்திரேலியா 2017 ஜூலை முதல் 10 சதவீதம் கேட்கிறது. ஆனால் ஆண்டுக்கு 75,000 ஆஸ்திரேலிய டாலர் விற்றால்தான் பதிவு.

அமெரிக்கா வேறு உலகம். அங்கே நாடு முழுவதற்கும் வாட் கிடையாது, மாநில விற்பனை வரிதான். 2018 ஜூன் 21 அன்று வேஃபேர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, மாநிலத்தில் அலுவலகம் இல்லாத விற்பனையாளரிடமும் மாநிலங்கள் வரி கேட்க முடிகிறது. ஆனால் ஒவ்வொரு மாநிலமும் தன் வரம்பைத் தானே வைத்திருக்கிறது. பல மாநிலங்களில் ஆண்டுக்கு 100,000 டாலர், டெக்சாஸிலும் கலிபோர்னியாவிலும் 500,000. இணையத்தில் இயங்கும் மென்பொருளுக்கு வரி உண்டா என்பதிலும் ஒற்றுமை இல்லை. நியூயார்க் வரி போடுகிறது, கலிபோர்னியா போடுவதில்லை, டெக்சாஸ் தொகையில் 80 சதவீதத்துக்கு மட்டும் போடுகிறது. சிறிய விற்பனையாளர் அங்கே மாநில வாரியாக விற்பனைத் தொகையைக் கூட்டி, வரம்பை நெருங்குகிறதா என்று மாதந்தோறும் பார்த்துவந்தால் போதும்.

ஆப் ஸ்டோர் வழியாக மட்டும் விற்றால் இவையெல்லாம் எனக்குத் தேவையா?

ஐரோப்பாவில் ஆப் ஸ்டோர் வழியாக விற்கும்போது, சட்டம் பொதுவாக அந்த ஸ்டோரையே விற்பனையாளராகக் கருதுகிறது. நுகர்வோருக்குப் பில்லும் வரியும் அவர்கள் பாடு. நீங்கள் அவர்களுக்கு மட்டும் ஏற்றுமதி பில் போடுவீர்கள். உங்கள் மென்பொருளைத் தங்கள் பெயரில் மறுவிற்பனை செய்யும் இடைநிலை நிறுவனங்களும் அப்படியே. வெறும் கார்டுக் கட்டணத்தை மட்டும் வாங்கித் தரும் நிறுவனம் அந்த வகை அல்ல. அது பணத்தைக் கொண்டுவந்து சேர்க்கும், வரிப் பொறுப்பு உங்களிடமே இருக்கும். இரண்டில் எது என்று அறிய ஒப்பந்தத்தைப் படிக்கக்கூடத் தேவையில்லை. வாடிக்கையாளருக்குப் போகும் பில்லில் விற்பவர் என்ற இடத்தில் யார் பெயர் அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள்.